நிராகரிப்பு மடலின் அந்த ஒரு வரி

பஞ்சாங்கம் காட்டும் ஓர் எளிய ஆப் என்று வைத்துக்கொள்வோம். தேதியைத் தொட்டால் திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் வரும். லாகின் கிடையாது, பெயர் கேட்பது கிடையாது, தனி சர்வரும் கிடையாது. கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது. செலவுக்கு ஆகட்டுமே என்று அடியில் ஒரு பேனர் விளம்பரம். செய்தவர் அதை கூகுள் பிளே கன்சோலில் ஏற்றி, தகவல் பாதுகாப்புப் படிவத்தில் ‘எதையும் சேகரிப்பதில்லை’ என்று குறித்து அனுப்புகிறார். பதிலாக ஆங்கிலத்தில் நீளமான மடல் ஒன்று வருகிறது: ஆப் நிராகரிக்கப்பட்டது.

முதலில் பயத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். மடலில் இருப்பது rejected என்றால், அனுப்பிய பதிப்பு கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே வெளியான பழைய பதிப்பு இருந்தால் அது அப்படியே இருக்கும். கணக்கின் மீது கரும்புள்ளியும் விழாது. removed என்றால் ஆப் கடையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. suspended என்பதுதான் கவலைப்பட வேண்டியது. அது கணக்கின் நற்பெயரையே பாதிக்கும். மூன்றுக்கும் மடலின் தோரணை ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் மூன்றாவதுதான் வந்துவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள்.

அடுத்து, மடல் முழுவதையும் மொழிபெயர்ப்புக் கருவியில் போடும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். பெரும்பகுதி எல்லோருக்கும் ஒரே அச்சில் போகும் வாசகம். நமக்கென்றே எழுதப்பட்டது, Issue details என்ற தலைப்பின் கீழே வரும் ஓரிரு வரிகள்தான். நம் பஞ்சாங்க ஆப்புக்கு வருவது இந்த மாதிரி இருக்கும்:

```
Version code 12: Policy Declaration for Data Safety
Section: Device Or Other IDs Data Type - Device Or Other
IDs (some common examples may include Advertising ID,
Android ID, IMEI, BSSID)
```

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. எந்தப் பதிப்பு: பன்னிரண்டாம் எண். எங்கே கோளாறு: Data Safety படிவத்தில். என்ன கோளாறு: போனை அடையாளம் காட்டும் எண் ஒன்று வெளியே போகிறது, ஆனால் படிவத்தில் அது சொல்லப்படவில்லை. இந்த வரியை மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. இதே சொற்கள்தான் படிவத்திலும் தேர்வுப் பெட்டிகளின் பக்கத்தில் இருக்கும். தமிழாக்கிவிட்டால் எந்தப் பெட்டி என்று தேட வேண்டிவரும்.

‘நான்தான் எதையும் சேகரிக்கவில்லையே, எனக்கு சர்வரே இல்லையே!’ என்பார் நம்மவர். குழப்பத்தின் வேர் இங்கேதான். கூகுளின் கணக்கில், ஆப்பிலிருந்து ஒரு தகவல் போனை விட்டு வெளியே போனாலே அது சேகரிப்பு. அதை அனுப்புவது நீங்கள் எழுதிய கோடா, நீங்கள் சேர்த்த அடுத்தவர் லைப்ரரியா என்ற பேதமில்லை; யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் பொருட்டல்ல. போனுக்குள்ளேயே கணக்கிட்டு முடிப்பதைச் சொல்ல வேண்டாம். ஆக, திதியும் நட்சத்திரமும் நிரபராதிகள். மாட்டிவிட்டது அடியில் இருக்கும் அந்தப் பேனர்.

அந்த விளம்பரம் ஆட்மாப் வழியாக வருகிறது என்றால், அதன் லைப்ரரி தானாகவே எதையெல்லாம் எடுக்கிறது என்பதை கூகுளே ஆட்மாப் ஆவணங்களில் வெளியிட்டிருக்கிறது: ஐபி முகவரி, அதை வைத்து ஊகிக்கக்கூடிய தோராயமான இருப்பிடம், பயனர் ஆப்பில் எதைத் தொடுகிறார் என்பது, ஆப்பின் வேகம் பற்றிய தொழில்நுட்பத் தகவல், விளம்பர அடையாள எண். நோக்கமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: விளம்பரம், பகுப்பாய்வு, மோசடித் தடுப்பு. மடல் ஒரு வகையை மட்டும் சுட்டியிருந்தாலும், இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் திருத்தி அனுப்பினால், அடுத்த மடல் இன்னொன்றைச் சுட்டலாம். வேறு லைப்ரரிகள் எதையாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றனவா என்ற சந்தேகம் இருந்தால், புராஜெக்ட் போல்டரில் இந்தக் கட்டளை முழுப் பட்டியலையும் கொட்டிவிடும்:

```
./gradlew app:dependencies
```

இனி திருத்தம். கன்சோலில் App content பக்கத்தில் Data safety படிவத்தைத் திறக்க வேண்டும். தகவல் சேகரிக்கிறதா என்ற கேள்விக்கு ஆம். அனுப்பும்போது மறையாக்கம் செய்யப்படுகிறதா என்பதற்கும் ஆட்மாப் பொறுத்தவரை ஆம். பிறகு Device or other IDs பெட்டியையும், மேலே சொன்ன மற்ற வகைகளையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அது சேகரிக்கப்படுகிறது, பகிரப்படுகிறது என்று இரண்டையும் தேர்ந்து, நோக்கத்தைக் குறிக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே பக்கத்தில் விளம்பர அடையாள எண்ணுக்கென்று தனியாக ஒரு படிவம் இருக்கிறது. அங்கே இல்லை என்றும் இங்கே ஆம் என்றும் சொன்னால் பேச்சு முரண்படும். தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் இதையே சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பிடிஎஃப் ஆகவோ யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியதாகவோ இருக்கக் கூடாது.

விளம்பரமே வேண்டாம், லைப்ரரியைத் தூக்கிவிடுகிறேன் என்பது இன்னொரு வழி. அதற்குப் புதிய பதிப்பு தேவை. ஒருமுறை ஏற்றிய எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது என்பதால் அது பதின்மூன்றாம் எண்ணாக இருக்கும். பதின்மூன்று படு சுத்தமாக இருந்தும் அதே மடல் மீண்டும் வந்து விழுவதுண்டு, அதுவும் ‘பதிப்பு 12’ என்றே. ஆள் நொந்துபோவார். காரணம் எளிது: படிவம் ஒரு பதிப்புக்கானதல்ல, அப்போது விநியோகத்தில் இருக்கும் எல்லாப் பதிப்புகளுக்கும் சேர்த்துத்தான். பன்னிரண்டு இன்னும் நண்பர்கள் சோதித்துப் பார்த்த மூடிய சோதனைத் தடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தடத்திலும் பதின்மூன்றை முழு அளவில் வெளியிட்டு, பன்னிரண்டு Not included என்ற பகுதிக்குப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மடலில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் கோடை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்கள் சிக்குவது இங்கேதான். அகத் தடம், அதாவது உள்சோதனை மட்டும் நடக்கும் ஆப்புக்கு, இந்தப் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. மூடிய சோதனைக்குக் கிடையாது.

படிவத்தை மட்டும் திருத்துகிறீர்கள் என்றால் புதிய பதிப்பு தேவையில்லை. ஆனால் படிவத்தைச் சேமித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. Publishing overview பக்கத்தில் அந்த மாற்றம் ‘இன்னும் அனுப்பப்படவில்லை’ என்ற வரிசையில் கிடக்கும். பரிசீலனைக்கு அனுப்பும் பொத்தானை நீங்கள் அழுத்தினால்தான் அது நகரும்.

மேல்முறையீட்டு இணைப்பும் மடலில் இருக்கும். மேற்படி பட்டியலில் உள்ள எதுவுமே உங்கள் ஆப்பில் இல்லை, எந்தத் தடத்திலும் பழைய பதிப்பு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தொடலாம். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த எண் பதிப்பு, எந்தத் தகவல் வகை, அந்த லைப்ரரி எந்த எண்ணில் நீக்கப்பட்டது என்று மூன்று சிறு வாக்கியங்கள் போதும்.