ஆறு மாத வாரண்டி... எதற்கு?

‘டிஸ்பிளே மாற்ற 1,800 ரூபாய் மட்டுமே! 6 மாத வாரண்டி!’ சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும் சிற்றூர்ப் பேருந்து நிலையத்தில் இருந்தாலும், மொபைல் சர்வீஸ் கடைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் கேப்ஷன்கள் பெரும்பாலும் இந்தத் தினுசில்தான் இருக்கின்றன. படிக்கக் கவர்ச்சியாக இருக்கும். சண்டையும் இங்கிருந்துதான் தொடங்கும்.

மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் போனோடு வந்து நிற்கிறார். திரையின் ஓரத்தில் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு. “வாரண்டி இருக்குல்ல அண்ணே, மாத்திக் குடுங்க” என்கிறார். கடைக்காரர் போனைச் சாய்த்துப் பார்க்கிறார். ஃபிரேமின் மூலை லேசாக நசுங்கியிருக்கிறது. “இது கீழே விழுந்த அடி தம்பி, வாரண்டில வராது.” இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கேப்ஷனில் ஆறு மாதம் என்றுதான் இருந்தது. எதற்கு ஆறு மாதம் என்று இல்லை.

இன்றைய போன்களில் கண்ணாடி, டச், டிஸ்பிளே மூன்றும் ஒட்டிய ஒரே பாகமாக வருகின்றன. கடைகளில் இதைக் ‘காம்போ’ என்பார்கள். அது இரண்டு விதமாகக் கெடும். டச் தானாக நகர்வது, ஒரு பகுதியில் வேலை செய்யாமல் போவது, அடிபடாமலே கோடு விழுவது போன்றவை பாகத்தின் குறையாகவோ பொருத்திய விதத்தின் குறையாகவோ இருக்கலாம். வாரண்டி இவற்றுக்குத்தான். விரிசலும் அழுத்தத்தால் வரும் கறுப்புத் திட்டும் கையாண்ட விதத்தால் வருபவை. ஆனால் எல்லா நேரமும் இப்படித் தெளிவாகப் பிரிந்துவிடாது. பச்சைக் கோடு விழுந்த அமோலெட் திரையில் அடிபட்ட தடயமே இல்லையென்றால், சந்தேகத்தின் பலனை வாடிக்கையாளருக்குத் தருவதுதான் கடைக்கு அழகு.

தண்ணீர் பட்டதா என்பதற்குச் சாட்சி போனிலேயே இருக்கும். பல மாடல்களில் சிம் டிரே செருகும் இடத்துக்குள் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். அதனால், ரிப்பேர் முடித்துக் கொடுக்கும்போதே அதன் நிறத்தை வாடிக்கையாளரிடம் காட்டி, பில்லில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. தண்ணீரில் விழுந்த போனைச் சரிசெய்து கொடுக்கும் வேலைக்குப் பல கடைகள் வாரண்டியே தருவதில்லை. இன்று சுத்தம் செய்த போர்டில் எங்கோ ஒளிந்திருக்கும் ஈரம் ஒரு மாதம் கழித்தும் அரிப்பை உண்டாக்கலாம். அந்த வேலைக்கு வாரண்டி இல்லையென்றால் அதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரர் தரப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. மொத்த வியாபாரிகள் பலர் காம்போவுக்கு ‘டெஸ்டிங் வாரண்டி’ மட்டுமே தருகிறார்கள். ஒட்டுவதற்கு முன் இணைத்துப் பார்த்து, குறை இருந்தால் திருப்பித் தரலாம். பாதுகாப்பு ஃபிலிமை உரித்து ஒட்டிவிட்டால் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆகவே ஆறு மாதம் என்று எழுதும் கடை, அந்த நஷ்டத்தைத் தன் கைக்காசில் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். முடியாதென்றால் மூன்று மாதம் என்று எழுதி, அதைச் சொன்னபடி தருவது மேல்.

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும், மீதி மறைந்துகொள்ளும். விலை மட்டும் மேலே, நிபந்தனையெல்லாம் அடியில் என்று வைத்தால் யாரும் படிக்கப்போவதில்லை. அதே விளம்பரத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘டிஸ்பிளே மாற்ற 1,800 ரூபாய். 3 மாத வாரண்டி: டச் வேலை செய்யாவிட்டால், தானாகக் கோடு விழுந்தால் இலவசமாக மாற்றித் தருவோம். உடைசல், அழுத்தம், தண்ணீருக்குக் கிடையாது. பில் கொண்டு வரவும்.’

இருபது சொற்களைத் தாண்டியதும் முக்கியமானவை முடிந்துவிட்டன. எந்தப் பாகம், எத்தனை நாள், எந்தக் கோளாறு, எது சேராது, கடை என்ன செய்யும், என்ன கொண்டு வர வேண்டும் என்பதெல்லாம் இதில் உண்டு. மாற்றித் தந்த புது டிஸ்பிளேவுக்கு மறுபடி மூன்று மாதமா, மிச்சமிருக்கும் நாள் மட்டுமா என்பதைப் பில்லில் எழுதிக்கொள்ளலாம். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற ஒற்றை வரி இவற்றில் எதற்கும் ஈடாகாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான வாக்குறுதி தரும் விளம்பரங்களையும் சேவைக் குறைபாட்டையும் கேள்வி கேட்க இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனைக் கொடுக்கும்போதே கடையின் கேப்ஷனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வாரண்டியைத் தேதியோடு பில்லிலும் எழுதி வாங்குங்கள்.