ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நேரம் ஏன்?
அமெரிக்கத் தொலைக்காட்சியின் கடிகாரக் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொலைக்காட்சி விளம்பரங்களில் "இரவு 8, மத்திய நேரம் 7" என்னும் குறிப்பை அடிக்கடி காணலாம். வேறு சில நிகழ்ச்சிகளுக்கோ "கிழக்கு நேரம் இரவு 8, பசிபிக் நேரம் மாலை 5" என்று போடுவார்கள். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து, பெர்லிஸ் முதல் சபா வரை ஒரே நேரத்தில் வாழ்ந்து பழகிவிட்ட நமக்கு இக்குறிப்புகள் புதிராகத் தோன்றுவது இயல்பே. ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நேரம் எதற்கு? அந்த இரண்டும் ஒரே கணத்தைக் குறிக்கின்றனவா, வெவ்வேறு கணங்களையா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி வேறுபாடு உண்டாகும். நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கும் இடையே ஏறத்தாழ 45 பாகை தொலைவு இருப்பதால், அங்கே இரவு 8 மணியாகும்போது இங்கே மாலை 5 மணிதான். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக உள்ள பெருநிலப்பரப்பைக் கிழக்கு, மத்திய, மலை, பசிபிக் என நான்கு நேர மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். முதலில் இரயில் நிறுவனங்கள் 1883ஆம் ஆண்டு இம்முறையை மேற்கொண்டன. 1918இல் அது சட்டமாயிற்று.

தொலைக்காட்சி நிறுவனத்தின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, உணவருந்தி அமரும் முன்னிரவே விளம்பரத்துக்கு மிக்க மதிப்புடைய வேளை. நியூயார்க்கில் இரவு 8 மணிக்கு அரங்கேறும் நாடகத்தை அதே கணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினால், அங்கே பாதிப்பேர் இன்னும் சாலையில் இருப்பர். மேற்குக்கு ஏற்றபடி நடத்தினாலோ கிழக்கில் இரவு 11 மணி ஆகிவிடும். ஒரே கணமா, ஒரே கடிகார நேரமா? இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

குறிப்பைப் படிக்கும் முறை

நிறுவனங்கள் கண்ட ஏற்பாடு இது. மத்திய மண்டலம் ஒரு மணியே பிந்தியிருப்பதால், கிழக்கின் ஒளிபரப்பையே அதே கணத்தில் அங்கும் காட்டிவிடுகின்றனர். கிழக்கில் 8 என்பது அங்கே 7. "8, மத்திய நேரம் 7" என்பதன் பொருள் இதுதான். பசிபிக் மண்டலத்துக்கு நிகழ்ச்சியை மூன்று மணி நேரம் நிறுத்திவைத்து, அங்கும் 8 மணி அடிக்கும்போது அனுப்புகின்றனர். மலை மண்டலத்துக்கு ஒரு மணி தாமதித்து, அங்கே 7 மணிக்குக் காட்டுவர். ஆகவே நான்கு மண்டலங்களுக்கும் இரண்டே எண்கள் போதுமாகின்றன.

நேரடி ஒளிபரப்பா, தாமத ஒளிபரப்பா என்று கண்டுகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு. இரு மண்டலங்களுக்கும் கொடுத்துள்ள எண்களின் வேறுபாட்டைப் பாருங்கள். அது அம்மண்டலங்களின் இயற்கையான வேறுபாட்டுக்குச் சமமானால் ஒளிபரப்பு இரண்டிடத்தும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. குறைவானால், குறைந்த அளவே தாமதம். கிழக்கு 8, பசிபிக் 5 என்றால் வேறுபாடு மூன்று. இயற்கை வேறுபாடும் மூன்று. எனவே தாமதம் இல்லை. கிழக்கு 8, பசிபிக் 8 என்றால் வேறுபாடு இல்லை. எனவே மேற்கில் காண்பது மூன்று மணிக்கு முன் நடந்தது.

மூன்று மணிக்குள் ஒரு திரைப்படம்

வானொலிக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் பதிவு செய்த நிகழ்ச்சிகளை நெடுங்காலம் ஏற்கவில்லை. அதனால் நடிகர்கள் கிழக்குக்காக ஒருமுறையும், மூன்று மணி கழித்து மேற்குக்காக மற்றொரு முறையும் அதே நிகழ்ச்சியை நடத்தினர். காட்சியமைப்பும் உடையும் ஒளியும் வேண்டிய தொலைக்காட்சிக்கு இது எளிதன்று. மேலும், தொடக்கத்தில் படத்தைக் கடலுக்குக் கடல் அனுப்பும் வழியே இல்லை. நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 107 கோபுரங்கள் கொண்ட நுண்ணலைத் தொடர் அமைந்த பின்னரே, 1951 செப்டம்பர் 4ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானிய அமைதி உடன்படிக்கை மாநாட்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆற்றிய உரையைக் கிழக்குக்கரை மக்கள் நேரடியாகக் கண்டனர்.

அதன்பின் எழுந்ததே "ஹாட் கினி" என்னும் முறை. தொலைக்காட்சித் திரையைத் திரைப்படக் கருவியால் படமெடுத்த சுருளுக்குக் கினெஸ்கோப் என்று பெயர். அதைச் சுடச்சுடக் கழுவி உடனே காட்டியதால் இந்தப் பட்டப்பெயர் வந்தது.

ஒரு மணி நேர நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரப்படி மாலை 5 மணிக்கு நியூயார்க்கிலிருந்து படம் வந்து சேர்கிறது. 16 மில்லிமீட்டர்ச் சுருள் 1,200 அடி இருந்தால் அரைமணிக்குச் சற்று அதிகமாக ஓடும். முதல் சுருள் 5.30க்கு முடிந்து கழுவும் அறைக்குச் செல்கிறது. இரண்டாவது சுருள் 6 மணிக்கு முடிகிறது. முதல் சுருள் 8 மணிக்கும் இரண்டாவது 8.30க்கும் ஒளிபரப்பில் ஏறவேண்டும். ஆக, கழுவி, உலர்த்தி, சரிபார்த்து, கருவியில் ஏற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரமே உண்டு. கழுவும் மருந்தில் சிறு கோளாறு நேர்ந்தாலும் திருத்த நேரமில்லை. ஆதலால் காப்புக்காக மற்றொரு சுருளும் உடன் எடுக்கப்பட்டது.

எவ்வளவு திறமையாகச் செய்தாலும் படம் தெளிவு குன்றியே இருந்தது. இதற்கு ஒரு காரணம் எண்களிலேயே உள்ளது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 60 அரைப்படங்களை வரைந்தது. திரைப்படச் சுருளோ நொடிக்கு 24 படங்களே கொள்ளும். ஒரு படத்துக்கு இரண்டு அரைப்படங்கள் வீதம் 48 பதிவாயின. எஞ்சிய 12, சுருள் நகரும் நேரத்தில் வீணாயின. வெட்டும் ஒட்டும் சரியாகப் பொருந்தாதபோது படத்தின் குறுக்கே மங்கலான கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டைக் கண்டதுமே, இது பழைய படம் என்று மேற்குக்கரையார் அறிந்துகொண்டனர்.

நாடாவின் வருகை

ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1956 ஏப்ரலில் சிக்காகோவில் காட்டிய ஒளிப்பதிவு நாடாக் கருவி இத்தொல்லையைத் தீர்த்தது. ஒலியைப் போலவே படத்தையும் காந்த நாடாவில் பதிக்கலாம் என்று முன்பே அறிந்திருந்தனர். ஆனால் படத்தின் மின்குறி மிக விரைவாக மாறுவது. அதைப் பதிக்க, அசையாத பதிவுமுனையின்மீது நாடாவைப் பெருவேகத்தில் இழுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு இழுத்தால் சில நிமிடங்களுக்கே மலைபோல் நாடா தேவைப்படும். சார்ல்ஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழுவினர் இதனை மாற்றிச் சிந்தித்தனர். நாடாவை மெதுவாக ஓடவிட்டு, பதிவுமுனையைச் சுழலவிட்டனர். நான்கு முனைகள் பொருத்திய சிறு சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று, 2 அங்குல அகல நாடாவின் குறுக்கே நொடிக்கு 960 கோடுகளாகப் படத்தை எழுதியது. நாடா நொடிக்கு 15 அங்குலமே நகர்ந்தது. எனவே ஒரு மணிக்கு 4,500 அடி போதும்.

1956 நவம்பர் 30ஆம் நாள், டக்ளஸ் எட்வர்ட்ஸ் நியூயார்க்கில் படித்த சி.பி.எஸ். செய்தியை ஹாலிவுட்டில் நாடாவில் பதித்து, மூன்று மணி கழித்துப் பசிபிக் கரைக்கு ஒளிபரப்பினர். ஒளிநாடாவினால் நடந்த முதல் தாமத ஒளிபரப்பு இதுவே. கழுவும் அறை இல்லை. நாடாவைத் திருப்பிச் சுற்றினால் போதும். அழித்து மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது. முதற் கருவிகளில் ஒரு குறை இருந்தது: எந்த முனைத்தொகுதி பதித்ததோ, அதுவேதான் அந்த நாடாவைச் சரியாகப் படிக்கும். ஆனால் அதே அறையில், அதே நாளில் திருப்பிக் காட்டும் வேலைக்கு அது தடையாகவில்லை.

படம் இப்போது நேரடிப் படத்தைப் போலவே தெளிவாயிற்று. கோடும் மறைந்தது; கண்ணால் பிரித்தறியும் வழியும் மறைந்தது. அதனால்தான், நேரம் முக்கியமான ஒரு பதிவையோ, இப்போதே நடப்பதுபோல் தோன்றச் செய்யும் பதிவையோ காட்டும்போது, அது பதிவு என்பதை அறிவிக்கவேண்டும் என்று அமெரிக்க ஒளிபரப்பு விதி கூறுகிறது. இக்காலத்தில் நாடாவின் இடத்தைக் கணினிச் சேமிப்பு பிடித்துக்கொண்டது. எனினும் கிழக்குக்கு ஒரு வரிசை, மேற்குக்கு ஒரு வரிசை என்னும் ஏற்பாடு மாறவில்லை.

அரிசோனாவின் கணக்கு

தாமதத்தின் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கோடையில் நாட்டின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது. அரிசோனா மாநிலம், நவஹோ மக்களின் பகுதி நீங்கலாக, அவ்வாறு தள்ளுவதில்லை. பீனிக்ஸ் நகரில் ஆண்டு முழுதும் முன்னிரவு நிகழ்ச்சிகள் 7 மணிக்கே தொடங்குகின்றன. குளிர்காலத்தில் நியூயார்க்கில் 8 மணி என்பது பீனிக்ஸில் 6. எனவே ஒரு மணி தாமதம் போதும். கோடையில் நியூயார்க்கின் 8 மணி பீனிக்ஸில் 5 ஆகிவிடும். எனவே இரண்டு மணி தாமதம் வேண்டும். கடிகாரத்தை மாற்றாத ஊர் தன் ஒளிபரப்பை மாற்றிக்கொள்கிறது. நம் கணக்கும் அப்படியே: நியூயார்க்கின் இரவு 8 மணி, அங்குக் குளிர்காலமாயின் நமக்கு மறுநாள் காலை 9, கோடையாயின் காலை 8.

தாமதிக்க இயலாதவை

நாடகம் மூன்று மணி பிந்தினால் சுவை கெடாது. முடிவைக் காண்பதே இன்பமான விளையாட்டுப் போட்டி அப்படியன்று. ஆதலால் அதை நான்கு மண்டலத்துக்கும் ஒரே கணத்தில் அனுப்பி, "கிழக்கு 8, பசிபிக் 5" என்று எழுதிவிடுகின்றனர். நகைச்சுவை நிகழ்ச்சிகூட இவ்வழிக்கு வந்துவிட்டது. 1975இல் தொடங்கிய "சாட்டர்டே நைட் லைவ்", பெயரில் நேரடி என்றிருந்தும், மேற்குக்கரைக்கு நீண்டகாலம் பதிவாகவே சென்றது. கிழக்கில் பார்த்தவர் உடனே இணையத்தில் எழுதிவிடும் காலம் வந்ததும், 2017 ஏப்ரல் முதல் அதை நாடெங்கும் ஒரே கணத்தில் காட்டத் தொடங்கினர். கிழக்கில் இரவு 11.30, பசிபிக் கரையில் 8.30.

ஆனால் ஒரே கணத்தில் காட்டுவதும் எப்போதும் நன்மையே என்று கூறுவதற்கில்லை. 1980 நவம்பர் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. ரீகன் வென்றார் என்று என்.பி.சி. நிறுவனம் கிழக்கு நேரப்படி இரவு 8.15க்கு அறிவித்தது. அப்போது கலிபோர்னியாவில் மாலை 5.15. அங்கே வாக்குச்சாவடிகள் இரவு 8 மணிவரை திறந்திருந்தன. எதிர்த்து நின்ற குடியரசுத் தலைவர் கார்ட்டரும், அச்சாவடிகள் மூடுவதற்கு ஒரு மணிக்கு மேல் இருக்கும்போதே தோல்வியை ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து வாக்களிக்கப் புறப்பட்டவர், தம் வாக்குக்கு முன்பே முடிவைக் கேட்டுவிட்டார். இதன்மேல் எழுந்த கண்டனத்தின் பயனாக, ஒரு மாநிலத்தில் வாக்களிப்பு முடியுமுன் அம்மாநிலத்தின் முடிவைக் கணித்து அறிவிப்பதில்லை என்று நிறுவனங்கள் பின்னர் உறுதியளித்தன. ஆயினும் கிழக்கு, மத்திய மாநிலங்களின் முடிவே வெற்றிக்குப் போதுமாகிவிட்டால், மேற்கிலுள்ளவர் அதைக் கேட்காமல் தடுக்க வழியில்லை. நாடகத்தை நாடாவில் நிறுத்திவைத்தவர்களால் செய்தியை நிறுத்திவைக்க முடியவில்லை.