வார்டு நேரம் – 9: ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம்

சென்ற வாரம் ரத்தப் பையையும் நோயாளியையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைப் பார்த்தோம். இந்த வாரம், பையைத் தொங்கவிட்ட பிறகு நடக்க வேண்டியவை. அதிலும் முதல் கால் மணி நேரத்துக்கே கூடுதல் இடம் தரப்போகிறேன். பல வார்டுகளில் சிஸ்டர் கட்டிலை விட்டு நகர்ந்துபோகும் நேரமும் அதுதான்.

ரத்த வகை மாறிப்போனால் உடல் உடனே எதிர்க்கிறது. ‘ஓ’ வகைக்காரரின் ரத்தத்தில் ‘ஏ’ வகை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கு முன்பு ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. தவறான அணுக்கள் உள்ளே போனதும் அவை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. வெளியே சிதறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, ரத்தம் உறையும் ஒழுங்கு குலைகிறது. இந்த எதிர்வினை தொடங்க 5 முதல் 10 மி.லி. ரத்தமே போதும். எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவுக்குச் சேதமும் கூடும். மெதுவாகத் தொடங்கச் சொல்வதன் காரணம் இதுதான். முதல் அறிகுறி தெரியும் நேரத்தில், உள்ளே போயிருக்கும் அளவு சிறியதாக இருக்க வேண்டும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நடப்பவை வார்டில் நடக்கக் கூடியவை. வயது 46. அதிக உதிரப்போக்கால் ஹீமோகுளோபின் 6.2-க்கு இறங்கியிருக்கிறது. ‘ஓ பாசிட்டிவ்’. சிவப்பணுப் பை ஒன்று ஏற்ற உத்தரவு. பையில் ஏறக்குறைய 300 மி.லி. ரத்த வங்கிக் குளிர்பெட்டியிலிருந்து பை வெளியே வந்த நேரம் இரவு 10.05. அந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் அறை வெப்பத்தில் இருந்தால் கிருமி பெருக வாய்ப்பு உண்டு. பை சில்லென்று இருக்கிறது என்று வெந்நீரில் போடுவதையும், ரேடியேட்டர் மாதிரி சூடான இடத்தில் வைப்பதையும் அறவே விட்டுவிட வேண்டும். சூடு பட்ட அணுக்கள் பைக்குள்ளேயே உடைந்துபோகும்.

தொடங்கும் முன் அந்த அம்மாவுக்குப் பார்த்த அளவுகள்: வெப்பம் 98.2 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி 104, பி.பி. 110/70, மூச்சு 20, ஆக்சிஜன் 98 சதவீதம். நாடி 104 என்பது ரத்தசோகையால் வந்தது. இதை முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால், அரை மணி கழித்து 108-ஐப் பார்த்துப் பதற வேண்டிவரும். அல்லது 130-ஐப் பார்த்து, ‘இவங்களுக்கு எப்பவும் வேகமாத்தான் இருக்கும்’ என்று விட்டுவிடவும் கூடும். வெப்பத்துக்கும் இதே கதைதான். தொடக்க அளவிலிருந்து 1.8 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1 டிகிரி செல்சியஸ் ஏறி, 100.4-ஐத் தொட்டால் அது எதிர்வினைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் முன்னரே காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால், பிறகு வரும் காய்ச்சல் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

10.20-க்கு ஏற்றத் தொடங்குகிறார் சிஸ்டர். கையிலுள்ள ரத்த செட் 20 சொட்டுக்கு 1 மி.லி. இந்தக் கணக்கு செட் உறையில் அச்சாகியிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பார்த்துவிட்டே கணக்குப் போட வேண்டும். நிமிடத்துக்கு 20 சொட்டு வைக்கிறார். 15 நிமிடத்தில் 15 மி.லி. தான் போகும். எல்லாம் சரியாக இருந்தால் மீதி 285 மி.லி.-யை இரண்டரை மணி நேரத்தில், நிமிடத்துக்கு 38 சொட்டு வீதம் ஏற்றலாம், 1.05-க்கு முடிந்துவிடும். 2.05 என்ற எல்லைக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

எட்டாவது நிமிடம். “சிஸ்டர், என்னமோ பண்ணுது” என்கிறார் அந்த அம்மா.

“எங்கம்மா? எப்படி பண்ணுது?”

“இடுப்பு கடுக்குது. நெஞ்சு படபடங்குது. பயமா இருக்குது.”

அடுத்த கேள்வியைக் கேட்கும் முன்பே சிஸ்டரின் கை கிளாம்பை மூடியிருக்க வேண்டும். பிறகுதான் தெர்மாமீட்டர், பி.பி. எல்லாம். இந்த அம்மாவுக்கு அந்த நேரத்தில் வெப்பம் 98.6. காய்ச்சல் இல்லை. நடுக்கமும் இல்லை. நாடி 128, பி.பி. 96/60. கானுலா இருக்கும் கை எரிகிறது என்கிறார். காய்ச்சல் வந்தால்தான் எதிர்வினை என்று நினைத்துக் காத்திருந்தால் இங்கே நேரம் போய்விடும். இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ஊசி ஏறிய இடத்தில் எரிச்சல், காரணம் சொல்லத் தெரியாத பயம், இவை வெப்பமானி காட்டும் முன்பே வரலாம். ‘ரொம்ப நேரமா படுத்திருக்கீங்க, அதான் இடுப்பு வலிக்குது’ என்று ஆறுதல் சொல்லத் தோன்றும். அந்த ஆறுதலை ரத்தத்தை நிறுத்திய பிறகு சொல்லலாம்.

நிறுத்திய பிறகு செய்பவற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கானுலாவை எடுக்கக் கூடாது. மருந்து போக அந்த வழி உடனே தேவைப்படும். ஆனால் பழைய செட்டிலேயே நார்மல் சலைனை மாட்டவும் கூடாது. செட்டின் குழாயில் இன்னும் ரத்தம் நிற்கிறது; சலைன் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். சிறிது சிறிதாக ஏற்றிச் சேமித்த பலன் அந்த ஒரு தள்ளலில் போய்விடும். கானுலாவின் வாயிலேயே செட்டைக் கழற்றி, புது செட்டில் நார்மல் சலைன் மாட்ட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் அணுக்களை உடைக்கும்; ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தைக் கட்டியாக்கும். அதனால் ரத்தம் போகும் வழியில் சலைன் தவிர வேறெதுவும் கூடாது.

டாக்டரை அழைத்தாயிற்று. அவர் வருவதற்குள் கைப்பட்டையையும் பை லேபிளையும் மறுபடி ஒப்பிட வேண்டும். இங்கே பெயர் ஒன்று. உள்நோயாளி எண் வேறு. அதே வார்டில் அதே பெயரில் இன்னொரு பெண்மணி இருக்கிறார். பையில் ‘ஏ பாசிட்டிவ்’. சரிபார்ப்பு நடந்தது கட்டிலருகில் அல்ல, சிஸ்டர் மேசையில். ஆவணங்களும் பையும் ஒத்துப்போயின, படுத்திருந்தவர் ஒத்துப்போகவில்லை. இந்த நொடியில் பலருக்கும் மறந்துபோவது: அந்த இன்னொரு பெண்மணிக்கு இவருடைய பை போய்க்கொண்டிருக்கலாம். உடனே ரத்த வங்கிக்கும் அந்தக் கட்டிலுக்கும் தகவல் போக வேண்டும்.

கணக்குப் பார்த்தால், எட்டு நிமிடத்தில் உள்ளே போனது 8 மி.லி. சிஸ்டர் 60 சொட்டில் வைத்திருந்தால் 24 மி.லி. போயிருக்கும். அப்படி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய், அரை மணி கழித்து வந்திருந்தால் 90 மி.லி. மூன்றும் ஒரே பை, ஒரே தவறு. சிறுநீரகம் படும் பாடுதான் வேறு வேறு. சிறுநீர் அளவும் நிறமும் இனி ஒவ்வொரு மணியும் எழுதப்பட வேண்டும். சிவப்பாகவோ காபி நிறத்திலோ வந்தால் அணுக்கள் உடைந்ததற்கு அது சான்று. முதல் சிறுநீர் மாதிரி, மற்றக் கையிலிருந்து எடுத்த ரத்த மாதிரிகள், மூடிய பை, செட் எல்லாம் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் பிறகு எதையும் கண்டுபிடிக்க வழி இல்லை.

இங்கே நான் கவலையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிர் நடுக்கம் என்றதும் ஏவில், டெக்ஸா ஊசி இரண்டையும் போட்டுவிட்டு, சொட்டைக் கொஞ்சம் குறைத்துத் தொடரும் பழக்கம் நம் வார்டுகளில் இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல் எதிர்வினை, வகை மாறிய எதிர்வினை, பையில் கிருமி வளர்ந்து வரும் எதிர்வினை, இந்த மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். மூன்றையும் பிரிக்க ஏவிலால் முடியாது. பெயரும் எண்ணும் வகையும் சரிபார்க்கப்பட்டு, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ பி.பி. மாற்றமோ இல்லாமல், தோலில் தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தால், டாக்டர் பார்த்த பின் அவர் சொல்படி மெதுவாகத் தொடரலாம். அதை முடிவு செய்வது சிஸ்டரின் சுமை அல்ல. நிறுத்துவது மட்டுமே அவர் தனியாக, யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டிய முடிவு.

முதல் 15 நிமிடத்தில் எதுவும் இல்லை என்றால், வெப்பம், நாடி, பி.பி., மூச்சு நான்கையும் மறுபடி பார்த்து எழுதிவிட்டு வேகத்தைக் கூட்டலாம். பிறகு குறைந்தது மணிக்கு ஒரு முறை. முடிந்தவுடன் ஒரு முறை. ஏற்றிய பிறகும் சில மணி நேரம் கண் வைத்திருக்க வேண்டும். பின்னால் வருபவற்றில் வார்டு அதிகம் தவறவிடுவது, ரத்தம் நிரம்பி இதயம் திணறும் நிலை. வயதானவர், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர், மெலிந்த உடல்வாகு உள்ளவர், இவர்களுக்கு வகை முற்றிலும் சரியான ரத்தமே ஆபத்தாகலாம். பை பாதி தீரும் வேளையில் படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார், இருமுவார், பி.பி. ஏறும். வகை மாறிய எதிர்வினையில் பி.பி. பெரும்பாலும் இறங்குகிறது, இதில் ஏறுகிறது. இவர்களுக்கு நிமிடச் சொட்டைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பையை உடனே தொடுக்கும் முன் மறுபடி கேளுங்கள்.

மயக்கத்தில் இருப்பவரும் கைக்குழந்தையும் ‘என்னமோ பண்ணுது’ என்று சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் பி.பி. சரிவு, சிறுநீர்ப் பையில் நிற மாற்றம், ஊசி குத்திய இடங்களிலிருந்து நிற்காமல் கசியும் ரத்தம் ஆகியவைதான் பேசும். மற்றவர்களுக்கு 15 நிமிடம் அருகில் நிற்பதென்றால், இவர்களுக்கு இன்னும் அடிக்கடி திரும்பி வர வேண்டும். சொல்லத் தெரிந்தவர்களிடம் தொடங்கும் முன்பே, “குளிரு, அரிப்பு, மூச்சு முட்டுறது, முதுகு வலி, எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கம்மா, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல” என்று சொல்லிவைக்க வேண்டும். அருகில் இருக்கும் உறவினருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

சில எதிர்வினைகள் எந்தக் கண்காணிப்பிலும் சிக்காமல் 5 முதல் 10 நாள் கழித்து வரும். மஞ்சள் காமாலையாகவோ, ஏறிய ஹீமோகுளோபின் காரணமின்றி இறங்குவதாகவோ தெரியும். வீட்டுக்குப் போகும்போது நோயாளியிடம் அதையும் சொல்லி அனுப்ப வேண்டும். எந்த எதிர்வினையாக இருந்தாலும் ரத்த வங்கியில் தரும் அறிக்கைப் படிவத்தை நிரப்ப வேண்டும். 2012 டிசம்பர் 10 முதல் இந்திய அளவில் ரத்த எதிர்வினைகளைத் தொகுக்கும் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் நடந்துவருகிறது. படிவத்தில் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், போன அளவு, முதல் அறிகுறி, தொடக்க அளவுகள் எல்லாம் கேட்கப்படும். இந்த அம்மாவின் படிவத்தில் 10.20, 10.28, 8 மி.லி., இடுப்பு வலி என்று எழுதுவார் சிஸ்டர். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் சொல்ல வேண்டியதும் இவைதான், அதோடு கடைசி மணி நேரச் சிறுநீர் அளவும்.

(அடுத்த வாரம்: பிளேட்லெட் பைகளைக் குளிர்பெட்டியில் ஏன் வைப்பதில்லை?)