முழங்கால் வலிக்கும் முன்பே உயரத்தை அளங்கள்

கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி வகுத்த நீண்டகால வீரர் வளர்ச்சித் திட்டத்தில் ஏழு கட்டங்கள். சிறு வயதில் ஓடியாடித் திரிவதில் தொடங்கி, பல விளையாட்டுகளைக் கற்று, போட்டிக்குத் தயாராகி, கடைசியில் வாழ்நாள் முழுக்க உடலை இயங்க வைப்பதில் முடிகிறது.

மாவட்ட அகாடமிக்கு வரும் பிள்ளைகளில் பலர் நான்காம் கட்டத்தில் இருப்பவர்கள். பெண்களுக்கு ஏறக்குறைய 11 முதல் 15 வயது, ஆண்களுக்கு 12 முதல் 16 என்கிறது அட்டவணை. அந்த வயதை மட்டும் பார்த்துப் பயிற்சி கொடுத்தால்தான் வில்லங்கம். எட்டாம் வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும்; பக்கத்தில் நிற்பவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பான்.

யார் எங்கே நிற்கிறார் என்று அறிய, சுவரில் ஒட்டிய அளவுநாடா போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், அதே ஆள் அளக்க வேண்டும். நேரமும் மாறக்கூடாது. காலை உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அது போதும், கணக்கைக் குழப்ப.

நீளம் தாண்டும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் 149 செ.மீ., ஏப்ரலில் 150.3, ஜூலையில் 152.6. முதல் மூன்று மாதத்தில் 1.3; ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகம், வழக்கமானதுதான். அடுத்த மூன்று மாதத்தில் 2.3, ஆண்டுக்கு ஒன்பதுக்கு மேல். வளர்ச்சி உச்சத்தை நெருங்கிவிட்டான். ஆண்களுக்கு இது சராசரியாக 14 வயதையொட்டி வரும், பெண்களுக்கு 12.

இப்போது கால் நீண்டுவிட்டதால் ஓட்டத்தின் அடிக்கணக்கு தப்பும், தாண்டும் பலகையில் கால் சரியாக விழாது. 'சோம்பேறி ஆயிட்டான்' என்று கூடுதலாக இருபது தடவை தாண்டவைப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. விளைவு, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலி, சிலருக்குக் குதிகாலில். தசைநார் பிடித்திழுக்கும் அந்த இடத்தில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. தாண்டும் எண்ணிக்கையைக் குறையுங்கள். அடிக்கணக்கைப் புதிதாகக் குறித்துக்கொடுங்கள். நுட்பம், சமநிலை, சொந்த உடல் எடையில் செய்யும் வலுப்பயிற்சி தொடரட்டும். நொண்டினாலோ, இரவிலும் வலித்தாலோ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தத் திட்டத்தில் ஒன்றை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பருவம் உண்டு, தவறினால் போச்சு என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

தேர்வு நாளிலும் உயரப் பதிவேடு மேசையில் இருக்கட்டும். 14 வயதுப் பிரிவில் ஜெயிப்பவன் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்தவன். நுட்பம் சுத்தமாக இருந்தும் தோற்கும் குட்டையனுக்கு உச்சம் இன்னும் வரவில்லை என்று பதிவேடு காட்டினால், இன்னொரு வருஷம் வைத்துப் பாருங்கள்.