சின்னக் கேண்டில் உடையும்போது

ஒரு பங்கு திங்களன்று 500 ரூபாய்க்கும் 520 ரூபாய்க்கும் இடையே ஆடியது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று அது 508க்குக் கீழே இறங்கவில்லை, 514க்கு மேலே ஏறவும் இல்லை. முந்தைய நாளின் வீச்சுக்குள் அடங்கிய இந்தக் கேண்டில்தான் இன்சைடு பார். தொடங்கிய விலையிலேயே ஏறக்குறைய முடிந்திருந்தால் அது டோஜியும்கூட. வாங்குவோரும் விற்போரும் சமபலத்தில் நிற்கிறார்கள். திசை இன்னும் தெரியாது.

ஏறுமுகத்தில் உள்ள பங்கானால், விலை 514ஐத் தாண்டியதும் 515க்கு வாங்கி, 507இல் ஸ்டாப்லாஸ் வைக்கலாம். பங்குக்கு 8 ரூபாய் ஆபத்து. 800 ரூபாய்வரை இழக்கத் தயாரானவர் 100 பங்குகள் வாங்கலாம். இரு மடங்கு லாபம் என்றால் இலக்கு 531. வழியில் திங்களின் உச்சமான 520 தடையாகலாம்.

விலை 514ஐத் தாண்டிவிட்டு, அன்றே அதற்குக் கீழே முடிந்தால் அது பொய் உடைப்பாக இருக்கலாம், வெளியேறுவது நல்லது. மறுநாள் சந்தை 500இல் திறந்தால், 507இல் வைத்த ஸ்டாப்லாஸும் அந்த விலையில் காப்பாற்றாது.