‘ஒரு மில்லி எடு’ என்றால் எவ்வளவு?

ஐ.டி.ஐ. முடித்து, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைக்குள் அப்ரண்டிஸாக நுழையும் பிள்ளைகளுக்கு முதல் நாள் வரவேற்புரை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அது கம்பெனியின் வரலாறு, கேன்டீன் நேரம், ஒழுக்க விதிகள் என்று முடிந்துவிடும். கோவை வட்டாரத்தில் மோட்டார் பம்ப் செய்யும் ஆலை ஒன்றின் பயிற்சி மேலாளர் தன் உரையை வேறு விதமாக அமைத்துக்கொண்டிருக்கிறார். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் கையில் முதலில் ஒரு வரைபடத்தைக் கொடுக்கிறார். பம்பின் தண்டு, அதாவது ஷாஃப்ட், அதில் வரையப்பட்டிருக்கிறது.

“தம்பிகளா, தங்கச்சிகளா, வாங்க. இந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் இங்கிலீஷு. மெஷின் பட்டன்ல இருக்கறதும் இங்கிலீஷு. ஆனா மேஸ்திரி உங்ககிட்டப் பேசறது தமிழ்லதான். ரெண்டுக்கும் நடுவுல வார்த்தை மாறிப்போச்சுன்னா தண்டு குப்பைக்குப் போயிரும். அதனால இன்னைக்கு மூணே மூணு வார்த்தை படிப்போம்” என்றுதான் தொடங்குகிறார்.

முதல் வார்த்தை ‘எடு’. கடைசல் மெஷினில், அதாவது லேத்தில், இரும்பைச் சீவிக் குறைப்பதைப் பட்டறையில் ‘எடுப்பது’ என்பார்கள். தண்டின் விட்டம் இப்போது 26.30 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கிரைண்டிங்கில் தேய்ப்பதற்காக 0.30 மிச்சம் வைத்து, 25.30க்குக் கடைந்து நிறுத்த வேண்டும். மேஸ்திரி, “ஒரு மில்லி எடு” என்கிறார். அவர் மனத்தில் இருப்பது விட்டம். புதுப் பையனோ வெட்டும் டூலை ஒரு மில்லி உள்ளே நகர்த்துகிறான். தண்டு சுழல்வதால் டூல் எல்லாப் பக்கமும் ஒரு மில்லி சீவுகிறது; விட்டத்தில் இரண்டு மில்லி போய்விடுகிறது. 24.30 ஆன தண்டை மறுபடி 25 ஆக்க வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டூலை நகர்த்தும் சக்கரத்தின் டயலில், சில மெஷின்களில் டூல் நகரும் ஆழமே குறிக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் விட்டத்தில் எவ்வளவு குறையும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே அவர் சொல்லும் விதி இது: வெறும் ‘எடு’ என்ற சொல்லை ஏற்காதீர்கள், “டயாவிலயா, டெப்த்திலயா சார்?” என்று திருப்பிக் கேளுங்கள். புது மெஷினில் நின்றால், முதலில் மெலிதாக ஒரு வெட்டுப் போட்டு, மைக்ரோமீட்டரால் அளந்து, டயல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். தச்சர், கொத்தனார் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சொல்: வீட்டில் ‘ஒரு நூல்’ என்பது எட்டில் ஒரு அங்குலம், மூன்று மில்லிக்கும் அதிகம். அந்த அளவை ஆலை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வார்த்தை ‘பொருத்தம்’. ஆங்கிலத்தில் ஃபிட். அதே தண்டில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்கார வேண்டும். கடைசி இரண்டு இலக்கமான 05ஐ ஐந்தால் பெருக்கினால் பேரிங்கின் துளை 25 மில்லி என்று தெரியும். வரைபடத்தில் அந்த இடத்தில் 25 k6 என்று எழுதியிருக்கிறது. தண்டின் விட்டம் 25.002க்குக் குறையவும் கூடாது, 25.015ஐத் தாண்டவும் கூடாது என்பதே இதன் பொருள். இடையில் கிடைக்கும் இடம் 13 மைக்ரான், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் 13 பங்கு. பேரிங்கின் துளையோ 24.990க்கும் 25.000க்கும் இடையில் செய்யப்பட்டு வருகிறது. ஆக, தண்டு எப்போதும் துளையைவிடச் சற்றுப் பெரிது. இதுதான் ‘இறுக்கப் பொருத்தம்’.

ஐ.டி.ஐ.யில் பழகிய வெர்னியர் காலிப்பர் 0.02 மில்லி, அதாவது 20 மைக்ரான் வரைதான் பிரித்துக் காட்டும். 13 மைக்ரான் இடத்தை அதை வைத்து அளக்க முடியாது. ஒரு மைக்ரான் வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அது கையில் இருந்தாலும் சூடு ஏமாற்றும். கூலன்ட் சரியாக விழாமல் தேய்த்த தண்டு, அறையின் வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால், 25 மில்லி எஃகு ஏறக்குறைய 9 மைக்ரான் விரிந்திருக்கும். அப்போது அளந்தால் 25.008 என்று காட்டும். சரியாக இருக்கிறது என்று மகிழ்வோம். ஆறிய பிறகு அதே தண்டு 24.999. கீழ் வரம்புக்கும் கீழே போய்விட்டது.

அப்படிப்பட்ட தண்டில் பேரிங் கையால் தள்ளினாலே ஏறிவிடக்கூடும். புதியவர்கள் அதைச் சுலபமான வேலை என்று நினைப்பார்கள். ஓடத் தொடங்கியதும் பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் மெல்ல ஊர்ந்து, தண்டைத் தேய்த்துவிடும். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். மேலாளர் சொல்வது: “பேரிங் லேசா ஏறுச்சுன்னா சந்தோசப்படாதீங்க, நிறுத்திட்டு அளங்க.”

மூன்றாவது வார்த்தை ‘ஆட்டம்’. குழப்பம் அதிகம் இதில்தான். “தண்டுல ஆட்டம் இருக்குது” என்று பட்டறையில் இரண்டு வேறு கோளாறுகளுக்குச் சொல்கிறார்கள். தண்டு வளைந்தோ மையம் விலகியோ இருந்தால், சுழலும்போது அலைந்து ஓடும். ஆய்வு அறிக்கையில் இதற்கு ரன்அவுட் என்று பெயர். பொருத்தம் தளர்ந்து பேரிங்குக்குள் இடைவெளி கூடிவிட்டால், தண்டைக் கையால் அசைத்தாலே ஆடும், இது பிளே. முதலாவதற்கு மருந்து, தண்டை நிமிர்த்துவது அல்லது மாற்றுவது. இரண்டாவதற்கு, பேரிங்கையும் அது உட்காரும் இடத்தையும் பார்ப்பது. சொல் ஒன்றாக இருப்பதால் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வளைந்த தண்டையே மறுபடி மாட்டுவதும் நடக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய டயல் கேஜ் போதும். அதன் முனையைத் தண்டின்மேல் வைத்துத் தண்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுழற்றினால், முள் ஏறி இறங்கினால் அது ரன்அவுட். சுழற்றாமல் மேலும் கீழும் தள்ளும்போது முள் நகர்ந்தால் அது பிளே. ‘அலைச்சல்’, ‘தளர்ச்சி’ என்று இரண்டு தமிழ்ச் சொற்களைத் தனித்தனியாகப் பழகச் சொல்கிறார் மேலாளர். அறிக்கையில் மட்டும் ஆங்கிலப் பெயரை எழுத வேண்டும்.

எல்லாச் சொல்லையும் அவர் தமிழாக்கச் சொல்வதில்லை. அரம், உளி, பிசிறு, வார்ப்பு, மரை போன்றவை பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்; அவை அப்படியே இருக்கட்டும் என்கிறார். ஆனால் மெஷினின் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்குப் பெயர் ஒன்றுதான்; ஆபத்து வேளையில் எல்லோர் வாயிலும் ஒரே சொல் வர வேண்டும். கத்தவேண்டிய சொல்லும் ‘ஸ்டாப்’ மட்டுமே. அதை அன்றே எல்லோரையும் உரக்கச் சொல்ல வைக்கிறார்.

உரையின் முடிவில் ஆளுக்கொரு நோட்டு. அதில் நான்கு கட்டம்: வரைபடத்தில் உள்ள சொல், பட்டறையில் பேசும் சொல், அளக்கும் கருவி, மாறிப்போனால் வரும் சேதம். நான்காவது கட்டத்தை நிரப்ப முடியாத சொல் இன்னும் புரியவில்லை என்று கணக்கு.

சிறிய பட்டறை நடத்துவோரும் இதைச் செய்யலாம். அடுத்த அப்ரண்டிஸ் வருவதற்கு முன், உங்கள் பட்டறையில் இரண்டு பொருளில் புழங்கும் சொற்கள் எவை என்று மேஸ்திரிகளை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பட்டியலில் பத்துச் சொல் வந்தாலே, முதல் நாள் உரைக்கு வேண்டியது கிடைத்துவிடும்.