பதிலே வராத தரவுத்தள இணைப்பு

கிளவுட் நிறுவனம் பராமரித்துத் தரும் தரவுத்தளத்தோடு ஒரு செயலியால் இணைய முடியாதபோது, கோளாறு இரண்டு விதமாக வெளிப்படும். சில சமயம் பிழைச்செய்தி உடனே வந்துவிடும். சில சமயம் எந்தச் செய்தியும் வராது. செயலி நிமிடக் கணக்கில் காத்துக் கிடந்து, கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். இந்த இரண்டாவது வகைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, செயலி எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வெளியே வருகிறதோ அந்த முகவரி தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் இல்லாததுதான்.

இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் தரவுத்தளத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, எந்தெந்த முகவரிகளிலிருந்து வருவோரை உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது. அமேசானின் ஆர்.டி.எஸ். சேவையில் இந்த வேலையை ‘செக்யூரிட்டி குரூப்’ செய்கிறது. கூகுள் கிளவுட் எஸ்.க்யூ.எல். சேவையில் இதற்கு ‘ஆதரைஸ்டு நெட்வொர்க்ஸ்’ என்றும், மோங்கோ டி.பி. அட்லஸில் ‘ஐ.பி. ஆக்சஸ் லிஸ்ட்’ என்றும் பெயர். பெயர் எதுவானாலும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுவதற்கு முன்பே இந்தப் பட்டியல் பார்க்கப்படுகிறது.

ஆர்.டி.எஸ்.ஸில் இந்தத் தடுப்பு தரவுத்தள மென்பொருளுக்கு வெளியே, நெட்வொர்க் மட்டத்தில் நிற்கிறது. செயலி முதலில் அனுப்புவது ‘இணைக்கலாமா’ என்று கேட்கும் ஒரு சிறு பொட்டலம். அதை அனுப்பிய முகவரி பட்டியலில் இல்லையென்றால், ஃபயர்வால் அந்தப் பொட்டலத்தை அப்படியே கைவிட்டுவிடுகிறது; மறுப்புக்கூடத் தெரிவிப்பதில்லை. மறுப்பும் ஒரு பதில்தான் என்பதால், இணையத்தைத் துழாவிக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கே ஒரு சர்வர் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொட்டலம் தரவுத்தளத்தை எட்டாததால், தரவுத்தளத்தின் பதிவேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

செயலி இருக்கும் இயங்குதளத்துக்கு இது தெரியாது. பொட்டலம் வழியில் தொலைந்திருக்கலாம் என்று கருதி அது திரும்பத் திரும்ப அனுப்புகிறது. லினக்ஸில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாட்டின்படி, முதல் பொட்டலத்துக்குப் பின் 1 வினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும். அடுத்து 2, 4, 8 என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். ஆறு மறுமுயற்சிகளும் வீணான பிறகு, மொத்தம் 127 வினாடிகள் கழித்துத்தான் கைவிடும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் முதல் சில மறுமுயற்சிகள் வினாடிக்கு ஒன்றாக நடக்கின்றன. ஆனாலும் மொத்தக் காத்திருப்பு அதே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.

அந்த இரண்டு நிமிடம் முடிவதற்குள், முன்னால் நிற்கும் வேறொரு அடுக்கு பொறுமை இழந்துவிடுவதும் உண்டு. பின்னால் இருக்கும் செயலியின் பதிலுக்காக என்ஜின்எக்ஸ் சர்வர் வழக்கமாக 60 வினாடிதான் காத்திருக்கும். அது தாண்டியதும் பயனருக்கு 504 என்ற பிழைப்பக்கம் வரும். அதைப் பார்ப்பவர் இணையதளம் மெதுவாக இருக்கிறது என்றோ, சர்வரில் சுமை கூடிவிட்டது என்றோ நினைத்துத் தவறான இடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்.

பிழை வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே முதல் துப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `password authentication failed` என்று உடனே வந்தால், வழி திறந்திருக்கிறது, கடவுச்சொல்தான் தவறு. `Connection refused` என்று உடனே வந்தால், ஏதோ ஒரு கணினி பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் போர்ட்டில் தரவுத்தளம் இயங்கவில்லை என்பதே வழக்கமான பொருள். நெடுநேரம் கழித்து `Connection timed out` என்று வந்தால், எவரிடமிருந்தும் பதில் வரவில்லை. இதற்கு விதிவிலக்கு மைக்ரோசாஃப்டின் அசூர் எஸ்.க்யூ.எல். அங்கே முன்வாசல் இணைப்பை ஏற்றுக்கொண்டு, இந்த முகவரிக்கு அனுமதி இல்லை என்று முகவரியையே குறிப்பிட்டு 40615 என்ற எண்ணோடு பிழைச்செய்தி அனுப்பிவிடும். மற்ற பல சேவைகளில் அந்த வசதி இல்லாததால் முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எந்த முகவரியைத் தேடுவது என்பதில்தான் பெரும்பாலும் குழப்பம் நேர்கிறது. செயலி ஓடும் கணினிக்கு 10.0.3.14 போன்ற உள் முகவரி ஒன்று இருக்கும். அது இணையத்தில் செல்லாது. இணையதளத்தின் பெயர் சுட்டும் வெளி முகவரி ஒன்று இருக்கும். அது பார்வையாளர்கள் உள்ளே வரும் வழி. செயலி தானாக வெளியே பேசும்போது, நாட் எனப்படும் முகவரி மாற்றும் கருவி வழியாகச் சென்று மூன்றாவது முகவரி ஒன்றைப் பெறுகிறது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண் ஒன்று, அங்கிருந்து நமக்கு அழைப்பு வரும்போது திரையில் தெரியும் எண் வேறு என்பது போன்றது இது. தரவுத்தளத்தின் ஃபயர்வால் பார்ப்பது திரையில் தெரியும் அந்த எண்ணைத்தான்.

ஒரு புத்தகக் கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அமேசானின் மும்பை மையத்தில் ஆர்.டி.எஸ். சேவையில் இருக்கிறது. செயலி வேறொரு நிறுவனத்தின் தனி சர்வரில் 203.0.113.25 என்ற முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி குரூப்பில் அந்த முகவரிக்கும், நிரலாளரின் அலுவலக முகவரிக்கும் 5432 போர்ட் திறந்திருந்தது. பிறகு செயலி ஒரு கன்டெய்னர் தளத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றியதும் பக்கங்கள் சுழன்றுகொண்டே இருந்து 504 பிழையில் முடிகின்றன.

நிரலாளர் தன் மடிக்கணினியிலிருந்து தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறார், உடனே திறக்கிறது. அவருடைய அலுவலக முகவரி பட்டியலில் இருப்பதால், இந்தச் சோதனை செயலியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அடுத்து, இணையதளத்தின் பெயருக்கு இப்போது உரிய முகவரியான 198.51.100.80 என்பதைப் பட்டியலில் சேர்க்கிறார். நிலைமை மாறவில்லை, அது உள்ளே வரும் முகவரி. சோதனையைச் செயலி ஓடும் கன்டெய்னருக்குள்ளேயே நடத்த வேண்டும்:

```
curl -4 https://checkip.amazonaws.com
nc -vz -w 5 $DBHOST 5432
```

முதல் கட்டளை, வெளியுலகுக்கு இந்தக் கன்டெய்னர் எந்த ஐ.பி.வி4 முகவரியில் தெரிகிறது என்று சொல்லும். `DBHOST` என்பது தரவுத்தள சர்வரின் பெயர். இரண்டாவது கட்டளை அதன் 5432 போர்ட்டைத் தட்டி, 5 வினாடிக்குள் பதில் வருகிறதா என்று பார்க்கும். முதல் கட்டளைக்கு 198.51.100.7 என்று விடை வருகிறது. அது பட்டியலில் இல்லை. இரண்டாவது, 5 வினாடி காத்திருந்து தோல்வியில் முடிகிறது.

நேரம் கடந்து போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தரவுத்தளத்துக்கு வெளியிலிருந்து வழியே விடப்படாமல் இருக்கலாம். செயலியின் தளமே 5432 போர்ட்டுக்குச் செல்வதைத் தடுத்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய அமேசானின் ‘ஃப்ளோ லாக்’ உதவும். அதை இயக்கிவைத்தால், தரவுத்தளத்தின் நெட்வொர்க் இணைப்புக்கு வந்த போக்குவரத்து வரிவரியாகப் பதிவாகும். அந்த வரியின் முக்கியப் பகுதி இப்படி இருக்கும்:

```
198.51.100.7 10.0.2.15 48122 5432 6 7 420 ... REJECT OK
```

முதலில் இருப்பது அனுப்பிய முகவரி, அடுத்தது தரவுத்தளத்தின் உள் முகவரி, பிறகு இரு பக்கத்துப் போர்ட்டுகள். அடுத்து வரும் 6 என்பது டி.சி.பி. நெறிமுறையின் எண். அதற்குப் பிறகு 7 பொட்டலங்கள், மொத்தம் 420 பைட்டுகள். இந்தக் கன்டெய்னர் இரட்டிப்பு முறையைப் பின்பற்றுவதால், முதல் முயற்சி ஒன்றும் மறுமுயற்சிகள் ஆறும் சேர்ந்து ஏழாகின்றன. `REJECT` என்ற சொல், பொட்டலம் வாசல்வரை வந்து தடுக்கப்பட்டதைக் காட்டுகிறது. இப்படி ஒரு வரியே இல்லையென்றால், பொட்டலம் வாசலுக்கே வரவில்லை. தேட வேண்டிய இடம் வழியிலோ செயலியின் பக்கமோ இருக்கிறது.

கோளாறு உறுதியானதும் சரியான முகவரியை மட்டும் சேர்த்தால் போதும்:

```
aws ec2 authorize-security-group-ingress \
  --group-id $SG --protocol tcp \
  --port 5432 --cidr 198.51.100.7/32
```

இங்கே `SG` என்பது தரவுத்தளத்தின் செக்யூரிட்டி குரூப் எண். `/32` என்பது இந்த ஒரே முகவரி என்று பொருள்படும். தரவுத்தளத்தை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் `nc` கட்டளை வெற்றி என்று காட்டும். தேவையற்றுப்போன 203.0.113.25, தவறாகச் சேர்த்த 198.51.100.80 இரண்டையும் நீக்கிவிட வேண்டும். அவசரத்தில் சிலர் `0.0.0.0/0` என்று போட்டுவிடுவார்கள். எல்லா ஐ.பி.வி4 முகவரிகளுக்கும் கதவைத் திறந்துவிடும் அந்த ஒரு வரி, பட்டியல் இருப்பதன் பயனையே இல்லாமல் செய்துவிடும்.

செயலியும் ஆர்.டி.எஸ். தரவுத்தளமும் அமேசானின் ஒரே தனி நெட்வொர்க்கில் இருந்தால் கணக்கு மாறும். அங்கே தரவுத்தளத்தின் பெயர் உள் முகவரியையே தரும். போக்குவரத்து வெளியே போகாததால் வெளி முகவரியைச் சேர்த்துப் பயனில்லை. `getent hosts $DBHOST` என்ற கட்டளை 10 என்று தொடங்குவது போன்ற உள் முகவரியைக் காட்டினால் இதுவே நிலைமை. அப்போது அனுமதியில் முகவரிக்குப் பதில், செயலியின் செக்யூரிட்டி குரூப்பையே குறிப்பிடுவது நல்லது. சர்வர்கள் கூடினாலும் குறைந்தாலும் விதியைத் திருத்த வேண்டியிருக்காது.

வெளியிலிருந்து வரும் செயலிக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு மாறாத வெளிச்செல்லும் முகவரி தேவை. பல கன்டெய்னர் தளங்களில் இந்த முகவரி முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்; இன்று சேர்த்த முகவரி அடுத்த மாதம் பயன்படாமல் போனால் அதே கோளாறு திரும்ப வரும். நிலையான முகவரி தரும் வசதியைத் தளத்திடம் கேட்டுப் பெறலாம். அமேசானிலேயே செயலி இருந்தால் ‘எலாஸ்டிக் ஐ.பி.’ பொருத்திய நாட் கேட்வே வழியாக அனுப்பலாம். தளம் தரும் முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், அந்த முகவரியை அனுமதிப்பது அவர்களுடைய செயலிகளுக்கும் வாசலைத் திறப்பதாகிவிடும். அந்நிலையில் வலுவான கடவுச்சொல்லும் மறையாக்கம் செய்த இணைப்பும்தான் எஞ்சியிருக்கும் காவல்.

காத்திருக்கும் நேரத்தையும் குறைத்துவைக்கலாம். போஸ்ட்கிரெஸின் இணைப்பு வரியில் எல்லை எதுவும் குறிப்பிடாவிட்டால், இயங்குதளம் கைவிடும்வரை செயலி காத்திருக்கும். `connect_timeout=5` என்று சேர்த்தால், 5 வினாடியில் `timeout expired` என்ற செய்தி செயலியின் பதிவேட்டிலேயே விழும். இதனால் இணைப்பு கிடைத்துவிடாது என்றாலும், முன்னால் இருக்கும் சர்வர் 504 என்று சொல்வதற்கு முன்பே கோளாறு தரவுத்தள இணைப்பில் இருப்பது தெரிந்துவிடும்.